ஒரே விருந்தினருக்கு இரண்டு குறிப்புகள்: எப்படி இணைப்பது?

குமுளியில் 18 அறைகள் கொண்ட விடுதியின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். விருந்தினர் குறிப்புகளைக் கைபேசி எண்ணை வைத்தே தேடுகிறோம். ஆண்டுதோறும் மதுரையிலிருந்து வரும் பெரியவருக்கு ‘தரைத்தளம், சர்க்கரையில்லாத காபி’ என்று எழுதி வைத்திருந்தோம். (மூட்டுவலி என்று எழுதுவதில்லை, யார் கண்ணிலும் படலாம்.) இம்முறை மகன் இணையத்தில் முன்பதிவு செய்ததால் எண் மாறிவிட்டது. புதியவர் என்று நினைத்து இரண்டாம் மாடியைக் கொடுத்துவிட்டேன். “என்ன தம்பி, மறந்துவிட்டீர்களா?” என்றபடி கைப்பிடியைப் பற்றிப் படியேறினார். இன்னும் உறுத்துகிறது.

பெயரை வைத்துத் தேடினால் முன்னெழுத்து ஒருமுறை முன்னால், மறுமுறை பின்னால். முந்தைய நாளே கூப்பிட்டு, தங்கப்போகிறவரின் எண்ணைக் கேட்கலாமா? ஏற்கெனவே இரண்டாகப் பதிவானவற்றை எப்படி ஒன்றாக்குகிறீர்கள்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.