நாலு மாசத்துல கலையுற தூக்கம்: 45 நிமிஷத்துக்கு ஒரு விழிப்பு ஏன்?

மீனா
பையனுக்கு 17 வாரம். மூணாம் மாசத்துல ராத்திரி அஞ்சு மணி நேரம் ஒரே மூச்சா தூங்கினவன், இப்போ தலைகீழ். நேத்து ராத்திரி குறிச்சு வெச்சது இது: 7.30க்குப் பால் குடிச்சபடியே தூக்கம். 8.15க்கு அழுகை. திரும்பப் பால், தூக்கம். அப்புறம் 11.30, 1.15, 2.10, 3.15, 4.30. பகல்லயும் ஒவ்வொரு தூக்கமும் 40 நிமிஷம்தான், அலாரம் வெச்ச மாதிரி எழுந்துக்குறான். காய்ச்சல் இல்ல, எடை ஒழுங்கா ஏறுது. தானா சரியாகுமா, நான் ஏதாவது மாத்தணுமா?

ரவி
பசிதாங்க, வேற ஒண்ணும் இல்ல. இந்த வயசுல பகல்ல சரியாக் குடிக்க மாட்டாங்க. யாராவது பேசினா, கதவு திறந்தா தலையைத் திருப்பிடுவாங்க. பகல்ல விட்டதை ராத்திரி வசூல் பண்றாங்க. படுக்கிறதுக்கு முன்னாடி பால்ல கொஞ்சம் கஞ்சி மாவு கலந்து குடுத்துப் பாருங்க, வயிறு நிறைஞ்சா தூங்கிடுவான்.

கலைவாணி
பகல் பால் பத்தி ரவி சொன்னது சரி. கஞ்சி மாவு மட்டும் வேண்டாம், மீனா. நாலு மாசக் குழந்தைக்குப் பாட்டில்ல கெட்டியாக் கலந்து குடுத்தா புரையேற வாய்ப்பு உண்டு. தூக்கமும் அதனால நீளாது. திட உணவெல்லாம் ஆறு மாசம் வாக்குல பாத்துக்கலாம். (பச்சிளங்குழந்தை வார்டுல நர்ஸா இருக்கேன், அதான் இதுல கொஞ்சம் அழுத்திச் சொல்றேன்.)

பசி மட்டும்னா 11.30க்கும் 2.10க்கும் எழுந்துக்கலாம். 2.10க்குக் குடிச்சவன் 3.15க்கும் 4.30க்கும் ஏன் எழுந்துக்குறான்? அந்த இடைவெளியைப் பாருங்க.

பிறந்த புதுசுல குழந்தை தூங்க ஆரம்பிச்சதும் நேரா கனவுத் தூக்கத்துக்குள்ள போயிடும். மூடின இமைக்குள்ள கண் உருளும், உதடு சப்பும், கை கால் துள்ளும். மொத்தத் தூக்கத்துல கிட்டத்தட்ட பாதி அப்படித்தான் போகும், மீதி அசையாத தூக்கம். மூணு, நாலு மாசத்துல இந்த அமைப்பு மாறுது. இனி பெரியவங்க மாதிரி முதல்ல லேசான தூக்கம், அதுக்கப்புறம் ஆழம், திரும்ப மேல வந்து கனவுத் தூக்கம். இப்படி ஒரு சுற்றுக்கு முக்கால் மணியில இருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு சுற்று முடிவுலயும் பாதி விழிப்பு வரும். நமக்கும் வருது, தலையணையைத் திருப்பிப் போட்டுட்டுத் தூங்கிடுறோம், காலைல ஞாபகம் இருக்காது.

உங்க பையன் கண் மூடுறப்போ வாயில பால், மேல உங்க சூடு. பாதி விழிப்புல ரெண்டும் இல்ல, படுக்கை மட்டும். அவனுக்கு அது புது இடம். முழுசா முழிச்சுக் கூப்பிடுறான். பகல்ல 40 நிமிஷத்துல எழுந்துக்குறதும் இதேதான், ஒரு சுற்று முடிஞ்சுது.

முதல் பாதி ராத்திரியில ஆழ்ந்த தூக்கம் அதிகம், அதான் 11.30 வரைக்கும் ஒரு நீளம் கிடைக்குது. நள்ளிரவுக்கு மேல லேசான தூக்கமும் கனவும்தான் ஜாஸ்தி, விழிப்பும் நெருக்கமா வருது. உங்க கணக்குல பொருந்தாதது அந்த 8.15 மட்டும்தான். சாயங்காலத் தூக்கம் எப்போ முடிஞ்சுது?

மீனா
6.50க்கு எழுந்தான் அக்கா.

கலைவாணி
அதுதான். 40 நிமிஷம் முழிச்சிருந்துட்டு 7.30க்குப் படுத்தா, உடம்புக்கு அது ராத்திரி இல்ல, இன்னொரு பகல் தூக்கம். ஒரு சுற்று முடிஞ்சதும் எழுந்துக்கும். இந்த வயசுல படுக்கைக்கு முன்னாடி ஒண்ணரையில இருந்து ரெண்டு மணி நேரம் முழிச்சிருக்கணும். கடைசிப் பகல் தூக்கத்தை 5.45க்குள்ள முடிங்க, 7.30 தானா அமையும். அதுக்காக ரொம்ப நேரம் முழிக்க வெச்சாலும் இதே 8.15 வரும், அப்போ காரணம் களைப்பா இருக்கும். கண்ணைக் கசக்கிட்டு முகத்தைத் திருப்பினா நேரம் வந்தாச்சுன்னு வெச்சுக்கங்க.

ராத்திரிக்கு ஒரே ஒரு மாற்றம். படுக்கைக்குப் போற முதல் தூக்கத்துல மட்டும் பாலை இருபது நிமிஷம் முன்னாடி தள்ளுங்க. பால், துடைச்சுத் துணி மாத்துறது, மங்கின வெளிச்சம், அப்புறம் படுக்கை. முழிச்சபடியே படுக்க வெச்சு, கையை மார்புல வெச்சுத் தட்டிக் குடுங்க. அழுகை ஏறினா எடுத்துச் சமாதானப்படுத்துங்க. மத்த விழிப்புல எல்லாம் பழையபடியே இருக்கட்டும், எல்லாத்தையும் ஒரே ராத்திரியில மாத்தினா ரெண்டு பேருமே தாங்க மாட்டீங்க.

தாரணி
என் பொண்ணும் ராத்திரி 3 மணிக்கு எழுந்து ரெண்டு மணி நேரம் விளையாடுறா. 20 மாசம். நல்லாத் தூங்கிட்டிருந்த குழந்தைக்குத் திடீர்னு தூக்கம் கலையுறதை ரிக்ரஷன்னு சொல்றாங்களே, இதுவும் அதேதானா?

கலைவாணி
இல்ல தாரணி, அது வேற. அழாம ரொம்ப நேரம் விளையாடினா, முதல்ல பகல் தூக்கத்தோட மொத்த நேரத்தைப் பாருங்க.

இளங்கோ
ஒண்ணு சேர்த்துக்கறேன். கனவுத் தூக்கத்துலயே குழந்தைங்க முனகும், கண்ணை மூடியே கத்தும். உடனே தூக்கினா நாமளே எழுப்பிவிட்ட மாதிரி ஆயிடும். ஒண்ணு ரெண்டு நிமிஷம் நின்னு கண்ணைப் பாருங்க. கண் திறந்து, குரல் ஏறிட்டே போனா எடுங்க. பசியாங்கிறது பால் குடுத்ததுமே தெரியும். முழுங்குற சத்தம் விடாம பத்து நிமிஷம் கேட்டா நிஜப் பசி. நாலு சப்பு சப்பிட்டு அசந்துட்டா அவனுக்கு வேண்டியது பால் இல்ல, தூக்கத்துக்கு ஒரு பிடிமானம்.

ஆனா முழிச்சபடி படுக்க வைக்கிறது எல்லாக் குழந்தைக்கும் ஒத்துவராது. பால் குடிச்சே தூங்குற எத்தனையோ குழந்தைங்க தானா சுற்றைச் சேர்த்துக்குது. நாலு மாசத்துல இதைப் பழக்கியே ஆகணுமான்னு எனக்குச் சந்தேகம்.

கலைவாணி
ஒத்துக்கறேன். உங்களால தாங்க முடியுதுன்னா மாத்தவே தேவையில்ல. இன்னொன்னு, இது வந்துட்டுப் போயிடுற காய்ச்சல் மாதிரி இல்ல, புதுச் சுற்று இனி நிரந்தரம். குழந்தை அதுக்குப் பழகுறதுதான் சரியாகுறது. அதுக்கு எத்தனை வாரம்னு யாரும் உறுதி சொல்ல முடியாது.

மீனா
துணியில சுத்தித்தான் படுக்க வைக்கிறேன். இப்போ புரள முயற்சி பண்றான்.

கலைவாணி
இன்னிக்கே நிறுத்துங்க. புரளத் தொடங்கினப்புறம் சுத்தினா, கவிழ்ந்தா கை ஊன்றி எழும்ப முடியாது. கை விடுபட்ட முதல் சில ராத்திரி விழிப்பு இன்னும் கூடும், அதை வேற காரணம்னு குழப்பிக்காதீங்க. மல்லாக்க, கெட்டியான சமதளப் படுக்கை, தலையணை வேண்டாம்.

பகல்லயும் பாலை மறுத்தா, ஈரத்துணி குறைஞ்சா, எடை நின்னா, படுக்க வெச்சாலே வீறிட்டா, மூச்சுல சத்தம் கேட்டா அதைத் தூக்க மாற்றம்னு ஒதுக்காம டாக்டர்கிட்ட காட்டுங்க.

ரவி
அப்போ பகல் பால்?

கலைவாணி
இருட்டான, அமைதியான அறையில குடுக்கணும். உங்க யோசனையில அந்தப் பாதியை மீனா கண்டிப்பா எடுத்துக்கணும்.

மீனா
4.30 விழிப்புக்கு என்ன பண்றது?

கலைவாணி
அதுதான் கஷ்டமானது. தூக்கத் தேவை பெரும்பாலும் தீர்ந்திருக்கும். விளக்குப் போடாம, பேசாம தட்டிப் பாருங்க.

இளங்கோ
நானா இருந்தா அந்த ஒண்ணுக்கு யோசிக்காம பால் குடுத்துடுவேன்.