டோஸ்டரில் லீவரைப் பிடித்துவைக்கும் உறுப்புக்குத் தமிழில் என்ன பெயர்?

செல்வி:
பழுதுபார்ப்புக் கையேட்டில் "லீவர் கீழே நிற்கவில்லை" என்ற பகுதியை எழுதுகிறேன். லீவரை நிற்கவைக்கும் உறுப்பைத் 'தாழ்ப்பாள்' என்று எழுதலாமா?

முருகேசன்:
வேண்டாம் அம்மா. தாழ்ப்பாள் கரண்ட் இல்லாவிட்டாலும் நிற்கும், இது நிற்காது. லீவரை அழுத்தினால் சுருள்வில் இழுபடும், சுவிட்ச் மூடி சூட்டுக்கம்பிக்கு மின்சாரம் போகும். பெரும்பாலான டோஸ்டர்களில் அந்தக் கம்பியின் ஒரு துண்டிலிருந்தே சிறிது மின்னழுத்தம் எடுத்து, டயோடு வழியாக ஒரு சின்ன மின்காந்தத்துக்குத் தருகிறார்கள். ரொட்டியோடு இறங்கும் இரும்புத் தகட்டை அது பிடித்துக்கொள்ளும். நேரம் முடிந்து மின்சாரம் நின்றதும் வில் மேலே தூக்கிவிடும். 'பிடிகாந்தம்' என்று வைக்கலாம்.

ரஃபீக்:
எங்கள் பழைய டோஸ்டர் பிளக் போடாமலே நிற்குமே! புதியதுதான் நிற்பதில்லை. வில் விறைத்துவிட்டது போல, இரண்டு சுற்று வெட்டிவிடலாம் என்றிருக்கிறேன்.

முருகேசன்:
பழையதில் இருப்பது நிஜக் கொக்கி, அதைத் தாழ்ப்பாள் என்றே சொல்லலாம். வில்லில் மட்டும் கை வைக்காதீர்கள் தம்பி. இழுவில்லை வெட்டினால் இன்னும் விறைக்கும், இழுப்பு கூடும். முதலில் லீவரைக் கையால் அழுத்திப் பிடித்து உள்ளே பாருங்கள். கம்பி சிவக்கவே இல்லை என்றால் பிளக், வயர், சுவிட்ச் தொடுப்பு, அறுந்த கம்பி இவற்றில் ஒன்று. சிவந்தும் கைவிட்டதும் எகிறினால் கோளாறு காந்தத்தின் பக்கம்.

அதில் அடிக்கடி காண்பது ரொட்டித்தூள். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டுத் திறந்து, லீவரை அழுத்தியபடி காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு தாள் துண்டைச் செருகுங்கள். தாள் தாராளமாக நுழைந்தால் முகங்கள் ஒட்டவில்லை. இரண்டையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். தகடு லேசாக ஆடவும் வேண்டும். துருவில் இறுகினால் ஒரு விளிம்பு மட்டும்தான் தொடும். இத்தனை செய்தும் நிற்காவிட்டால் டயோடு, காந்தச்சுருள், மின்சுற்றுப் பலகை இவற்றில் ஒன்று. பிளக் போட்டபடி அவற்றைத் தொடாதீர்கள். மின்னழுத்தம் குறைவென்றாலும் வீட்டு மின்கம்பியோடு நேரே இணைந்தவை, ஷாக் அடிக்கும்.

கவிதா:
'ஈர்காந்தம்' என்றால் இன்னும் அழகாக இருக்குமே?

முருகேசன்:
தள்ளியிருக்கும் தகட்டை இழுக்கும் பலம் இதற்கு இல்லை அம்மா. நாம் கொண்டுபோய் ஒட்டவைத்தால் விடாமல் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு தூள் நடுவில் கிடந்தாலே தோற்றுவிடுகிறதே! ஈர் என்றால் படிப்பவர் அந்தத் தூளைத் தேடவே மாட்டார்.

செல்வி:
பிடிகாந்தம் என்றால் நிலைக்காந்தம் என்று யாராவது எண்ணிவிடுவார்களோ? முதல் இடத்தில் 'பிடி மின்காந்தம்' என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு பிடிகாந்தம் என்கிறேன். லீவருக்கு நெம்புகோல்தானே?

கவிதா:
நெம்புகோலுக்கு ஒரு தாங்குபுள்ளி வேண்டும். இது நேராக மேலும் கீழும் ஓடும் பிடி. 'அழுத்துபிடி'?

ரஃபீக்:
கடையில் லீவர் என்றால்தான் எடுத்துத் தருவார்கள். தாள் துண்டு நுழைந்தது, துடைக்கிறேன்.