பி.ஆர்க் முடித்தவன், இன்டர்ன்ஷிப் கவர் லெட்டர்: எங்கே இடிக்குது?

போச்சம்பள்ளி_வரைவன்
ஓசூர், பெங்களூரு ஆபீஸ்களுக்கு மெயில் போட்டுட்டே இருக்கேன், பதிலே வரல. லெட்டர் இங்கிலீஷ்லதான் போகுது. உங்க வசதிக்கு நடுப்பத்தியை மட்டும் தமிழ்ல தர்றேன்:

"கட்டடக்கலையில் எனக்குச் சிறு வயது முதலே ஆர்வம். ஸ்டுடியோவில் கிருஷ்ணகிரிக்கு ஒரு மாங்காய் மண்டி வடிவமைத்தேன். தரம் பிரிக்கும் கூடத்துக்கு வடக்கு வெளிச்சக் கூரை என்பதால் நேரடி வெயில் விழாது. ஆட்டோகேட், ரெவிட், ஸ்கெட்ச்அப், லூமியான், போட்டோஷாப் தெரியும். கையால் வரைவதிலும் திறமை உண்டு."

என்ன மாத்தணும்?

கேட்_அருள்
சாப்ட்வேரை மேல ஏத்து தம்பி, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு ஸ்டார்ல மார்க் போடு. டிகிரி முடிச்சாச்சுல்ல, இன்டர்ன்னு கெஞ்சாம பேருக்குக் கீழ ஜூனியர் ஆர்க்கிடெக்ட்னு போட்டு வேலையே கேளு.

டி_ஸ்கொயர் (ஓசூர்)
அருள், வேலையே கேக்கலாம்ங்கறது சரிதான். ஆனா கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதியாம ஆர்க்கிடெக்ட்னு போட்டுக்க 1972 சட்டம் விடாது. பி.ஆர்க் பட்டதாரின்னு போடட்டும். ஸ்டார் வேண்டாம், ரெவிட்ல நாலு ஸ்டார்னா என்னன்னு எனக்கே புரியாது. சாப்ட்வேரெல்லாம் ரெஸ்யூம்ல ஒரு வரி போதும்.

தம்பி, என்னை நிறுத்தினது "நேரடி வெயில் விழாது"ங்கற வரிதான். அது டெல்லிக்குப் பெரும்பாலும் சரி. கிருஷ்ணகிரி சுமார் 12.5 டிகிரி வடக்குல இருக்கு. ஏப்ரல் கடைசியில இருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டற வரைக்கும் நம்ம ஊர்ல நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கால நிக்கும். மாங்கா சீசனே அப்பத்தானே! செக்‌ஷன்ல கண்ணாடி எவ்வளவு உயரம், மேல நீட்டல் இருக்கா?

போச்சம்பள்ளி_வரைவன்
கண்ணாடி 1.2 மீட்டர், நீட்டல் 60 செ.மீ. சார். மழைக்காகத்தான் வெச்சேன். ஜூரியில யாரும் வெயிலைக் கேக்கல.

மண்டிக்காரர்_காவேரிப்பட்டணம்
மண்டி கட்டப் போறீங்களா தம்பி? தகர ஷீட்டே போதும், கண்ணாடி போட்டா ஒரே சீசன்ல தூசி ஏறிடும். அப்புறம், கூழ் ஃபேக்டரிக்குப் போற பெங்களூராவுக்கு யாரு நிறம் பாக்கறா? அப்படியே லோடு ஏத்திடுவோம். செந்தூரா, அல்போன்சாவை வேணா வெளிச்சத்துல பிரிப்போம். அதுவும் விடியக்காலை வேலை.

டி_ஸ்கொயர் (ஓசூர்)
ஐயா, இது காகிதத்துல கட்டற மண்டி. ஆனா நீங்க சொன்னதுதான் லெட்டருக்கு வேணும்.

தம்பி, கணக்கு இப்படி. ஜூன் 21 நண்பகல்ல சூரியன் உச்சியில இருந்து வடக்கே 11 டிகிரிதான் சாயும். 1.2 மீட்டர் கண்ணாடிய மறைக்க 25 செ.மீ. நீட்டலே போதும், உன்கிட்ட அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல இருக்கு. காலையில கதை வேற. எட்டு மணி வாக்குல சூரியன் வடகிழக்குப் பக்கம் தாழ்வா இருக்கும், உன் 60 செ.மீ. நிழல் கண்ணாடிக்கு அடி வரைக்கும் இறங்காது. கீழ ஒரு அடிக்குக் கிட்ட வெயில் படும். அதுக்கு முன்னாடி இன்னும் அதிகம். ஐயா விடியக்காலைங்கறாரே, அங்கதான் சிக்கல். இதை மறைக்காம எழுது:

"செந்தூரா, அல்போன்சா பழங்களை நிறம் பார்த்துப் பிரிக்கும் கூடத்துக்கு வடக்குப் பார்த்த கூரைச் சன்னல் கொடுத்தேன். மழைக்கு வைத்த 60 செ.மீ. நீட்டல், சீசனின் நண்பகல் வெயிலையும் மறைக்கிறது. காலை வெயிலுக்கு இன்னும் தீர்வு காணவில்லை. இணைப்பின் 3ஆம் பக்கத்திலுள்ள செக்‌ஷன் 1:50 அளவில் நான் கையால் வரைந்தது."

"திறமை உண்டு"ன்னு தனியா எழுதவே வேண்டாம். பக்கத்தைப் புரட்டினா கோடு தெரிஞ்சிடும்: வெட்டுப்பட்ட சுவர் தடிமனா, பின்னால இருக்கறது மெல்லிசா. அந்த ஷீட்ல குரூப்ல வேற யாராவது கை வெச்சிருந்தா அதையும் சொல்லிடு.

கேட்_அருள்
தீர்வு காணலைன்னு எழுதினா எவன் சார் வேலை குடுப்பான்? சன்னலுக்குக் குறுக்கே செங்குத்துப் பலகை வெச்சா முடிஞ்சது.

டி_ஸ்கொயர் (ஓசூர்)
பலகை சரியான வழிதான். எத்தனை செ.மீ. இடைவெளின்னு அவன் வரைஞ்சு பாத்தா அந்த வரியை மாத்திக்கட்டும். வரையாம எழுதினா இன்டர்வியூல முதல் கேள்வியே அதுதான்.

தருமபுரி_அக்கா
என் தங்கச்சி டிப்ளமோ சிவில். இதே லெட்டர் அவளுக்கு ஆகுமா?

டி_ஸ்கொயர் (ஓசூர்)
ஆகாதும்மா. அவ சைட்ல அளவெடுத்தது, கம்பி செக் பண்ணினது மாதிரி விஷயம்தான் அங்க கேப்பாங்க. தனி இழை போடுங்க.

போச்சம்பள்ளி_வரைவன்
சார், போர்ட்ஃபோலியோ பிடிஎஃப் 38 எம்பி. அதனால ஏதாவது?

டி_ஸ்கொயர் (ஓசூர்)
அடப்பாவி, அதை முதல்லயே சொல்லக் கூடாதா! ஜிமெயில்ல 25 எம்பி தாண்டினா அது டிரைவ் லிங்க்காத்தான் போகும். பெர்மிஷன் திறந்து விடலைன்னா பாக்கறவங்க உன்கிட்ட அனுமதி கேக்கணும். சைட்டுக்கும் ஆபீஸுக்கும் ஓடறவன் எவன் கேப்பான்? சென்ட் ஃபோல்டரைத் திறந்து லிங்க் எப்படிப் போயிருக்குன்னு பாத்துட்டு வா. ரெண்டரிங் பக்கங்களைக் குறைச்சு 10 எம்பிக்குள்ள கொண்டு வா, செக்‌ஷன் பக்கத்தை மட்டும் மங்க விடாதே.

போச்சம்பள்ளி_வரைவன்
பாத்துட்டேன். பாதிக்கு மேல "ரெஸ்ட்ரிக்டட்"னு இருக்கு. அவங்களுக்கே திரும்ப அனுப்பலாமா, இல்ல வேற ஆபீஸ் பாக்கணுமா?