பொருள்: மீன் தோலின் ஒளிக்குப் ‘பளபளப்பு’ போதுமா?

சென்னையிலிருந்து:
காசிமேட்டில் எடுத்த கானாங்கெளுத்திப் படங்களுக்குக் குறிப்பு எழுதி வருகிறேன். புது மீனின் முதுகில் நீலமும் பச்சையுமாக ஓடுகிறதே, அந்த ஒளிக்கு என்ன சொல்வது? பழைய மீனின் கண்ணுக்கு ‘மங்கிய கண்’ என்று வைத்திருக்கிறேன்.

கோவையிலிருந்து:
‘பளபளப்பு’ போதும். பளபளத்தால் புதிது, மங்கினால் பழையது. இதற்கு எதற்குப் புதுச்சொல்?

நாகையிலிருந்து:
பழைய மீன்மேல் தண்ணீர் தெளித்தால் அதுவும்தான் பளபளக்கும். ஆனால் அது பல்புக்கு நேராக விழும் வெள்ளைத் திட்டு. அதற்குள் தோலின் நிறம் தெரியாது. சென்னை நண்பர் கேட்பது, தோலில் அடுக்கடுக்காக உள்ள குவானின் என்ற பொருளின் படிகங்கள் காட்டும் நிறத்தை. மீனைச் சற்றுத் திருப்பினால் நிறமும் மாறும். நாள்பட்டால் அது வெளிறிவிடும், மேலிருக்கும் கோழையும் பால்போல் கலங்கும். எனவே ‘ஈரப்பளபளப்பு’, ‘நிறமினுக்கம்’ என்று இரண்டாகப் பிரிக்கலாம்.

‘மங்கிய கண்’ணிலும் இதே சிக்கல்தான். பனிக்கட்டியில் நேரே பட்டுக் கிடந்தால் நல்ல மீனின் கண்ணும் வெளுக்கும். ‘பூ விழுந்த கண்’ என்பது வேறு, ‘குழிந்த கண்’ என்பது வேறு. பூ விழுந்தும் கண் புடைத்தே இருந்தால் நான் அவசரப்பட்டுத் தள்ள மாட்டேன்.

மதுரையிலிருந்து:
எங்கள் தெருவில் வஞ்சிரம் துண்டாகத்தான் வருகிறது. கண்ணும் இல்லை, செவுளும் இல்லை. நான் எதைப் பார்ப்பது?

நாகையிலிருந்து:
முகர்ந்து பாருங்கள். அழுத்தினால் குழி நிற்கிறதா என்று பாருங்கள். படம் உங்களுக்கு உதவாது.

சென்னையிலிருந்து:
ஏழாம் படத்தில் செவுள் செக்கச்செவேல் என்று இருக்கிறது. அதை வைத்தே ‘புதிது’ என்று எழுதிவிட்டேன்.

நாகையிலிருந்து:
அதே படத்தில் பனிக்கட்டியின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் தட்டியிருக்கிறது. குண்டு பல்பின் வெளிச்சத்தில் பழுப்பேறிய செவுளும் சிவப்பாகத் தோன்றலாம். பனிக்கட்டி வெள்ளையாகத் தெரியும்படி படத்தின் நிறத்தைத் திருத்திய பிறகே செவுளைப் பற்றி எழுதுங்கள். செவுள்மூடியைத் தூக்காமல் எடுத்த படமானால் குறிப்பில் செவுளுக்கான இடத்தைக் காலியாகவே விடுங்கள்.

சென்னையிலிருந்து:
திருத்திப் பார்த்தேன். செவுள் செங்கல் நிறத்துக்கு இறங்கிவிட்டது. கண் தட்டையாக இருக்கிறது, குழியவில்லை. முதுகில் நீலம் இல்லை. வயிற்றில் வெள்ளைத் திட்டு மட்டும். ‘புதிது’ என்பதை அடித்துவிட்டு ‘நடுத்தரம்’ என்று மாற்றிவிட்டேன்.

கோவையிலிருந்து:
பிரிக்க வேண்டியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘மினுக்கம்’ என்றதும் எனக்கு ஒப்பனை நினைவுக்கு வருகிறது. ‘நிறவொளிர்வு’ என்றால் என்ன?

நாகையிலிருந்து:
ஒளிர்வு என்றால் மீன் தானே வெளிச்சம் விடுவதுபோல் ஆகிவிடும். கடலில் அப்படியும் மீன்கள் உண்டு. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.