தீபாவளி வாழ்த்துப் பதிவில் பட்டறை விடுமுறையையும் போடலாமா?

பால்மரம்:
பேராக், சுங்கை சிப்புட்டில் எங்கள் பட்டறை. செம்பனை ஆலைகளுக்குப் பழம் பிழிகிற பிரஸ் ஸ்குரூவும் அதைச் சுற்றி நிற்கும் கேஜும் செய்கிறோம். லிங்க்ட்இன் பக்கத்தில் வாடிக்கையாளர்களுக்குத் தீபாவளி வாழ்த்துப் போட வேண்டும். விற்கிற மாதிரி தெரியக்கூடாது, ஆனால் நல்ல பேர் நிற்க வேண்டும். வரைவு இது:

"தரமான பிரஸ் ஸ்குரூவுக்கு நம்பகமான பெயர்! எங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் இனிய தீபாவளி நல்வாழ்த்துகள். உங்கள் ஆலைத் தேவைகளுக்கு இன்றே அழையுங்கள்."

படத்தில் லோகோ, குத்துவிளக்கு. கீழே முப்பது வாடிக்கையாளர் நிறுவனங்களை டேக் செய்யலாம் என்று இருக்கிறோம். சரியா வருமா?

ஆலைச்சங்கு:
தம்பி, முதல் வரியையும் கடைசி வரியையும் எடுத்துவிடுங்கள். கைப்பேசியில் பார்ப்பவருக்கு முதல் இரண்டு மூன்று வரிதான் தெரியும். மீதி எல்லாம் "மேலும்" என்பதற்குப் பின்னால் மறைந்துவிடும். உங்கள் வரைவில் அந்த இடத்தை ஸ்குரூ விளம்பரம் பிடித்துக்கொண்டது. வாழ்த்து முதல் சொல்லாக வரட்டும். மலாய், ஆங்கில வரிகளும் போடுவதாக இருந்தால் மூன்று மொழி வாழ்த்தையும் மேலே ஆளுக்கு ஒரு சிறு வரியாக அடுக்குங்கள். முழுப் பதிவையும் மூன்று முறை எழுதினால் கடைசி மொழிக்காரர் தன் வரியைப் பார்க்கவே மாட்டார்.

டேக் வேண்டவே வேண்டாம். முப்பது பெயரை வரிசையாகப் போட்டால் ஈப்போவிலோ கிள்ளானிலோ இருக்கிற போட்டிப் பட்டறைக்கு உங்கள் வாடிக்கையாளர் பட்டியலை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. விட்டுப்போன முப்பத்தோராவது ஆலைக்காரர் மனசும் சுணங்கும்.

கணக்குப்பிள்ளை:
டேக் விஷயத்தில் ஒத்துப்போக மாட்டேன். நிறுவனப் பக்கத்தில் போடுகிற பதிவு தனி ஆள் பதிவு அளவுக்குப் பரவாது. டேக் செய்தால்தான் அந்த நிறுவனத்துக்கு அறிவிப்பு போகும், அவர்கள் பதில் போட்டால் அவர்களைத் தொடர்பவர்களும் பார்ப்பார்கள். யாரும் பார்க்காத வாழ்த்தால் என்ன நல்ல பேர் வரும்?

ஆலைச்சங்கு:
பக்கப் பதிவு குறைவாகப் பரவும் என்பது சரி அண்ணே. அதற்கு டேக் மருந்தாகாது. பெரிய தோட்ட நிறுவனத்தின் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது தலைமையகத் தொடர்புப் பிரிவு. ஸ்குரூ வாங்குவது ஆலை மேனேஜரும் கொள்முதல் ஆளும். அறிவிப்பு போய்ச் சேரும் இடமே வேறு. அதைவிட, பட்டறையில் சந்தையைப் பார்க்கிறவர், வடிவமைப்பாளர், மேற்பார்வையாளர் மூவரும் பக்கத்தின் பதிவைத் தங்கள் கணக்கில் ஒரு சொந்த வரியோடு பகிரட்டும். மேனேஜர்கள் அவர்களைத்தான் தொடர்கிறார்கள்.

நான் சேர்க்கச் சொல்வது ஒன்று உண்டு: விடுமுறை நாளும் அவசர உதிரிபாகத்துக்கான வழியும். ஆண்டின் பிற்பாதியில் குலை வரத்து ஏறும். வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆவியில் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், அதனால் ஆலை நிற்க முடியாது. தேய்ந்த ஸ்குரூவோடு ஓட்டினால் நாரில் எண்ணெய் தங்கி வீணாகும். அந்த வாரத்தில் "பட்டறை எப்போது திறக்கும்" என்பது ஆலைக்காரருக்கு உண்மையிலேயே வேண்டிய தகவல். படிப்பவர் தன் ஆலைக்காக அதைப் பயன்படுத்த முடியும் என்றால் அது விற்பனை ஆகாது. நமக்காக அவர் ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்டால் அது விற்பனை.

ரேவதி_கூலிம்:
நான் ஆலையின் கொள்முதல் பக்கம் இருப்பவள். விடுமுறைத் தகவல் கட்டாயம் வேண்டும், ஆனால் வாழ்த்துப் பதிவில் வேண்டாம். லிங்க்ட்இன் பதிவுகள் தேதி வரிசைப்படி வருவதில்லை. வியாழக்கிழமை போட்டது அடுத்த செவ்வாய்க்கிழமை கண்ணில் படும். "நாளை முதல் விடுமுறை" என்ற வரியை அன்றைக்குப் படித்தால் என்ன பயன்? வாழ்த்து ஐந்து நாள் தாமதமாக வந்தாலும் கெடாது, விடுமுறை அறிவிப்பு கெட்டுவிடும். அது மின்னஞ்சலில், ஆர்டர் போடுகிறவர் பெயருக்கே வர வேண்டும், பத்து நாள் முன்னதாக.

இன்னொன்று. 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பேராக்கில் ஞாயிறு ஓய்வு நாள் என்பதால் திங்கள் 9ஆம் தேதி பதில் விடுமுறை. கெடாவில் வார ஓய்வு வெள்ளி, சனி. எங்களுக்கு ஞாயிறு விடுமுறையோடு சரி, திங்கள் காலை ஆலை அலுவலகம் திறந்துவிடும். சரவாக்கில் தீபாவளிக்குப் பொது விடுமுறையே கிடையாது. "தீபாவளி விடுமுறைக்குப் பிறகு சந்திப்போம்" என்று பொதுவாக எழுதினால் பேராக்காரர் ஒரு நாளை நினைப்பார், நாங்கள் வேறு நாளை நினைப்போம். தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

தோட்டத்துமணி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்களுடையது அட்டைப்பெட்டித் தொழிற்சாலை, வாடிக்கையாளர் பாதிப்பேர் மலாய்க்காரர்கள். நோன்புப் பெருநாள் வாழ்த்தை முன்கூட்டியே நேரம் குறித்து வைத்துவிடலாமா? லிங்க்ட்இனில் அந்த வசதி இருக்கிறதே.

ஆலைச்சங்கு:
தீபாவளிக்கு வைக்கலாம், நாள் அரசு விடுமுறைப் பட்டியலில் முன்பே வந்துவிடும். நோன்புப் பெருநாளுக்கு வைக்காதீர்கள் ஐயா. பிறை பார்த்து, முந்தின இரவு தொலைக்காட்சியில் அறிவித்த பிறகுதான் உறுதி. 2022இல் நாட்காட்டிகள் மே 3 என்று போட்டிருந்தன, அறிவிப்பு மே 2 என்று வந்தது. பதிவை வரைவாக வைத்திருந்து, அறிவிப்பு வந்ததும் கையால் போடுவதே பத்திரம்.

கணக்குப்பிள்ளை:
படத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. குத்துவிளக்கும் லோகோவும் எல்லா நிறுவனமும் போடுவதுதான். பட்டறைத் தொழிலாளர்களை நிற்கவைத்து எடுத்த படமே போதும், தனி வடிவமைப்புக்குப் பணம் வேண்டாம்.

ஆலைச்சங்கு:
இதில் அண்ணன் சொல்வதே சரி. ஆனால் போடுவதற்கு முன் படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்க்க வேண்டும். பின்னால் அடுக்கியிருக்கும் ஸ்குரூவில் சுண்ணக்கட்டியால் எழுதிய ஆலைப் பெயர் தெரியும், மேசைமேல் வரைபட எண் தெரியும். ஆலையின் பாதுகாப்பு அதிகாரியும் இந்தப் படத்தைப் பார்ப்பார். உலைப் பக்கத்தில் ஒருவர் செருப்போடு, முகக்கவசம் இல்லாமல் நின்றால் வாழ்த்தை விட்டுவிட்டு அதைத்தான் பேசுவார்கள். உலையை அணைத்த பிறகு, முற்றத்தில் கோலத்தைச் சுற்றி, படத்தில் இருக்க விருப்பமுள்ளவர்களை மட்டும் வைத்து எடுங்கள்.

படத்தின் மேல் தமிழ் எழுத்துப் போட்டால் "அனைவருக்கும்" என்ற சொல்லை மட்டும் உற்றுப் பாருங்கள். தமிழுக்கு அமைக்காத வடிவமைப்பு மென்பொருளில் ஐகாரக் கொம்பு "ன"வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளர் கண்ணுக்கு அது படாது. போட்ட பிறகு பதிவின் எழுத்தைத் திருத்தலாம், படத்தை மாற்ற முடியாது. அழித்துவிட்டு மறுபடி போட்டால் வந்த பதில்களும் போய்விடும். முடிந்தால் எழுத்தைப் பதிவிலேயே வைத்து, படத்தை வெறும் படமாக விடுங்கள்.

பால்மரம்:
நன்றி. பட்டறை நவம்பர் 7, 8, 9 மூடியிருக்கும், செவ்வாய் 10 காலை திறக்கும். அவசரத்துக்கு ஓர் ஆள் இருப்பார். எப்படி எழுதலாம்?

ஆலைச்சங்கு:
நான் எழுதினால் இப்படி:

"இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்.
பண்டிகை நாளிலும் ஆலையை நிறுத்தாமல் ஓட்டுகிற பாய்லர்மேன், பிரஸ் ஆபரேட்டர், ஃபிட்டர் எல்லாருக்கும் இந்த வாழ்த்து முதலில் வந்து சேரட்டும்.
எங்கள் பட்டறை நவம்பர் 7 சனி முதல் 9 திங்கள் வரை மூடியிருக்கும், 10 செவ்வாய் காலை திறக்கும். அவசர உதிரிபாகத்துக்கு வழக்கமான எண்ணிலேயே ஆள் இருப்பார்.
— சுங்கை சிப்புட் பட்டறைத் தொழிலாளர்கள்"

தொலைபேசி எண், இணைய முகவரி, ஹேஷ்டேக் எதுவும் இல்லை. முகவரி இணைப்புப் போட்டால் அதன் முன்தோற்றம் படத்துக்குப் போட்டியாக வந்து நிற்கும், பதிவு விளம்பரமாகிவிடும். நவம்பர் 5 வியாழன் காலை போடுங்கள். வெள்ளிக்கிழமை கெடா, கிளந்தான், திரங்கானு அலுவலகங்கள் இருக்காது, சனிக்கிழமை எல்லாரும் ஊருக்குப் போகும் வழியில் இருப்பார்கள்.

ரேவதி_கூலிம்:
இரண்டாவது வரி அருமை அண்ணே. அதை எங்கள் ஃபிட்டரிடம் காட்டலாம், மகிழ்வார். மூன்றாவது பத்தியை எடுத்துவிட்டால் பதிவு இன்னும் நன்றாக இருக்கும் என்பதே என் கருத்து. தேதி இருப்பதால்தான் வியாழக்கிழமை போட வேண்டியிருக்கிறது. எடுத்துவிட்டால் தீபாவளிக்கு முந்தின நாளே போடலாம், வாழ்த்து வாழ்த்தாகவே இருக்கும்.

ஆலைச்சங்கு:
மின்னஞ்சல் முதலில் போக வேண்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் நம் மின்னஞ்சல் பட்டியலில் இருப்பவர் போன மாதமே வேறு ஆலைக்கு மாறியிருக்கலாம். புதிதாக வந்தவருக்குத் தெரிய இன்னொரு இடம் வேண்டும் என்பதால்தான் வைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
இவ்வளவு யோசிப்பதற்கு, வழக்கம்போல முறுக்கு ஹேம்பர் அனுப்பிவிட்டால் போதாதா?

ரேவதி_கூலிம்:
இப்போது அது சிக்கல் ஐயா. ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது, ஊழியர் கொடுக்கிற லஞ்சத்துக்கு நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். பல தோட்ட நிறுவனங்கள் பண்டிகைக்கு முன்பே "பரிசு வேண்டாம்" என்று கடிதம் அனுப்பிவிடும். ஹேம்பர் வந்தால் நாங்கள்தான் பதிவேட்டில் எழுதி, திருப்பி அனுப்பி, விளக்கம் கொடுக்க வேண்டும். வாழ்த்துப் பதிவில் அந்தத் தொல்லை இல்லை.

பால்மரம், கடைசியாக ஒன்று. பதிவு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதைக் கெடுப்பது மறுநாள்தான். லைக் போட்டவர்கள் பட்டியலை எடுத்து விற்பனை ஆள் ஒவ்வொருவருக்கும் "ஸ்குரூ விலைப்பட்டியல் அனுப்பட்டுமா" என்று இன்பாக்ஸில் எழுதுவார். அந்த லைக் எதற்காகத் தேடப்பட்டது என்பது அப்போது தெரிந்துவிடும், அடுத்த ஆண்டு யாரும் கை வைக்க மாட்டார்கள். பதில் எழுதியவர்களுக்கு அந்தப் பதிவின் கீழேயே, பெயர் சொல்லி, ஒரு வரி நன்றி எழுதினால் போதும்.

பால்மரம்:
விற்பனைப் பிரிவிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் அக்கா. விடுமுறை மின்னஞ்சல் அக்டோபர் 28க்குள் போகும். மூன்றாவது பத்தியைப் பற்றி முதலாளியிடம் இரண்டு வரைவையும் காட்டிக் கேட்கிறேன்.