அப்பாவின் தாடியைச் சுற்றி வெள்ளைக் கோடு, எப்படிப் போக்குவது?

வணக்கம் நண்பர்களே. காசிமேட்டில் அப்பா வலை பின்னும் போட்டோ ஒன்றை வைத்து ஐபேடில், புரோகிரியேட்டில் படம் செய்கிறேன். வெள்ளைச் சுவர் முன்னால் மத்தியான வெயிலில் எடுத்தது. Automatic தேர்வில் அவரை மட்டும் வெட்டி, தனி லேயரில் வைத்துவிட்டேன். அடியில் இன்னொரு லேயரில் விடியற்கால துறைமுகத்தை வரைகிறேன். (அஸ்தமனம்தான் ஆசை, ஆனால் நமக்குக் கடல் கிழக்கே!)

வானத்தைக் கருநீலமாக்கியதுமே தாடியைச் சுற்றி வெள்ளை விளிம்பு பளிச்சென்று தெரிகிறது. வெளிர் பின்னணியில் அது கண்ணிலேயே படவில்லை. ஓரப் புள்ளிகளில் சுவரின் வெள்ளையும் கலந்திருக்கிறது போல.

Alpha Lock போட்டு, மென்மையான பிரஷ்ஷால் வானத்தின் நிறத்தை ஓரத்தில் மட்டும் தடவினேன். தோள், சட்டையில் அருமையாகப் போய்விட்டது. தாடி மட்டும் மழையில் நனைந்த பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. நரைத்த தாடி வேறு, எது முடி, எது சுவர் என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது வெட்டாத நகலுக்கு Mask போட்டு, தாடியைக் கொஞ்சம் உள்வரை மறைத்துவிட்டு, மேலே புது லேயரில் மெல்லிய பிரஷ்ஷால் முடிகளை ஒவ்வொன்றாக இழுக்கலாமா என்று யோசிக்கிறேன். இது சரிவருமா? ஸ்டைலஸ் அழுத்தத்துக்கு நுனி கூராக வரும் பிரஷ் எது? முகத்து வெயிலைக் குறைக்க, Clipping Mask லேயரை Multiply-இல் வைத்து நீலம் பூசினால் போதுமா?