லாஸ்ட்பாஸ் அறிக்கை: பொய் இல்லை என்றால் பிரச்சினை எங்கே?

கயல்_கோவை
பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் ஆப்பை நடத்தும் லாஸ்ட்பாஸ் நிறுவனம், தன்னிடமிருந்து தரவு திருடப்பட்டது பற்றி 2022 டிசம்பர் 22 அன்று வெளியிட்ட அறிக்கையை மோசமான உதாரணம் என்று எல்லா இடத்திலும் திட்டுகிறார்கள். நிதானமாக, மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. இதில் பொய் எங்கே?

இளவேனில்
வரிக்கு வரி தேடினால் பொய் கிடைக்காது. முதலில் ஆகஸ்ட் 25 அறிவிப்பைப் படியுங்கள். ஒரு டெவலப்பரின் கணக்கு வழியாக உள்ளே வந்தவர் மூல நிரலையும் சில தொழில்நுட்ப விவரங்களையும் எடுத்துப் போனார், வாடிக்கையாளர் தரவைத் தொட்டதற்கான ஆதாரம் இல்லை, பயனர்கள் எதுவும் செய்யத் தேவையில்லை என்று எழுதினார்கள். அன்றைய தேதிக்கு அது உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அன்று திருடிய விவரங்களை வைத்தே இன்னொரு ஊழியரைக் குறிவைத்து, கிளவுடில் இருந்த பேக்கப்பை எடுத்தார்கள். நவம்பர் 30 அறிவிப்பில் "வாடிக்கையாளர் தகவலின் சில கூறுகள்" என்றார்கள். டிசம்பர் 22 அன்றுதான் வால்ட்டின், அதாவது பயனர்கள் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்த பெட்டகத்தின், பேக்கப்பே நகலெடுக்கப்பட்டது என்று வந்தது. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு, பாதி ஐடி துறை லீவில் இருக்கும் நேரம்!

"ஆதாரம் இல்லை" என்று எழுதினால் எங்கே தேடினோம், எந்தத் தேதிவரையிலான லாக்கை, அதாவது சர்வர் பதிவுகளைப் பார்த்தோம், எதை இன்னும் பார்க்கவில்லை என்ற மூன்றும் அதே பத்தியில் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் வாசகர் அதை "எதுவும் போகவில்லை" என்றுதான் படிப்பார்.

வாதி_பிரதிவாதி
இது பின்னால் வந்த புத்தி. எந்த லாக்கைப் பார்த்தோம் என்று பொதுவெளியில் எழுதினால் எந்த லாக் நம்மிடம் இல்லை என்று திருடனுக்கும் தெரிந்துவிடும். நாளை வழக்கில் ஒவ்வொரு வாக்கியமும் சான்றாவணமாக நிற்கும். ஐரோப்பிய சட்டப்படி 72 மணி நேரத்துக்குள் வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும். அந்த அவசரத்தில் தெரிந்ததை மட்டும் குறைவாகச் சொல்வதுதான் நேர்மை.

இளவேனில்
72 மணி நேரம் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க. பாதிக்கப்பட்டவருக்கு ஆபத்து அதிகமாக இருந்தால் "தேவையற்ற தாமதமின்றி", எளிய நடையில் சொல்ல வேண்டும் என்பது தனிப் பிரிவு, அதில் மணிக்கணக்கு கிடையாது. இந்தியாவிலும் 2022-ல் வந்த 6 மணி நேர விதி அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்கத்தான். ஆக, அவசரத்தில் எழுதினோம் என்ற சமாதானம் வாடிக்கையாளர் அறிக்கைக்குப் பொருந்தாது.

லாக் பற்றிச் சொன்னதில் பாதி சரி. சர்வர் பெயரையெல்லாம் எழுத வேண்டாம். "வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சர்வர்களின் பதிவுகளைப் பார்த்துவிட்டோம், பேக்கப் சேமிப்பை இன்னும் பார்த்து முடிக்கவில்லை" என்ற அளவு போதும்.

முருகேசன்.தி
இதற்கு ஏன் இவ்வளவு சண்டை? நானும் அந்த ஆப்தான் வைத்திருந்தேன். செய்தி வந்ததும் மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், ஓடிபியும் போட்டாச்சு. முடிந்தது.

இளவேனில்
முருகேசன் அண்ணே, உங்கள் மேல் குறை இல்லை. ஆனால் அந்த அறிக்கை தோற்றது இதே இடத்தில்தான். திருடனிடம் இருப்பது பழைய நகல். அது உங்கள் பழைய மாஸ்டர் பாஸ்வேர்டால்தான் பூட்டப்பட்டிருக்கிறது. இனி நீங்கள் எதை மாற்றினாலும் அந்த நகல் மாறாது. ஓடிபி கேட்பது லாஸ்ட்பாஸ் சர்வர். கோப்பைத் தன் கணினியில் வைத்துக்கொண்டு உடைப்பவனிடம் ஓடிபி கேட்க ஆளில்லை, தவறான முயற்சிக்கு வரம்பும் இல்லை. மாற்ற வேண்டியது வால்ட்டுக்குள் சேமித்திருந்த தளங்களின் பாஸ்வேர்டுகளை. முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி, பிறகு மற்றவை. கிரிப்டோ வாலட்டின் மீட்புச் சொற்களைக் குறிப்பாக எழுதி வைத்திருந்தால் மின்னஞ்சலுக்கும் முன்னால் புது வாலட் திறந்து பணத்தை நகர்த்திவிடுங்கள், ஏனென்றால் அந்தச் சொற்களை மாற்ற முடியாது.

முருகேசன்.தி
அட, இதை அவர்கள் சொல்லவே இல்லையே!

இளவேனில்
சொன்னார்கள், புதைத்துவிட்டார்கள். முதலில் இயல்புநிலை அமைப்புகளைப் பட்டியலிட்டார்கள்: மாஸ்டர் பாஸ்வேர்டு குறைந்தது 12 எழுத்து, 100,100 சுற்று. சுற்று என்றால் ஒவ்வொரு யூகத்தையும் சரிபார்க்கக் கணினி திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய கணக்கு. இவற்றைப் பின்பற்றியிருந்தால் உடைக்கப் பல மில்லியன் ஆண்டுகள் ஆகும், இப்போதைக்கு எதுவும் செய்யத் தேவையில்லை என்றார்கள். அதற்குப் பிறகுதான் "பின்பற்றவில்லை என்றால், சேமித்த தளங்களின் பாஸ்வேர்டுகளை மாற்றுவது பற்றி யோசியுங்கள்" என்று வந்தது. பெரும்பாலோர் முந்தைய வரியிலேயே நிம்மதியாகிப் பக்கத்தை மூடியிருப்பார்கள்.

அந்த இயல்புநிலை 2018-ல் வந்தது. அதற்கு முன் தொடங்கிய பல கணக்குகள் 5,000 சுற்றிலேயே நின்றன, அதாவது ஒவ்வொரு யூகத்துக்கும் இருபதில் ஒரு பங்கு உழைப்பு போதும். சிலர் தங்கள் கணக்கில் அந்த எண் 1 என்றே இருந்ததைப் படம் பிடித்துப் போட்டார்கள். இயல்புநிலை என்பது அவர்கள் கணக்குக்கும் பொருந்துமா என்று பயனருக்கு எப்படித் தெரியும்? அமைப்புகளில் `Password Iterations` என்ற இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கச் சொல்வதே முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். தள முகவரிகள் பூட்டப்படாமலே போயின என்பதும் உள்ளே ஒரு பாதி வாக்கியத்தில்தான். நீங்கள் எந்த வங்கி, எந்த மருத்துவமனை என்று தெரிந்தால் போலி மின்னஞ்சல் அனுப்புவது எவ்வளவு சுலபம்!

நான் எழுதினால் தொடக்கம் இப்படி இருக்கும்:

> உங்கள் வால்ட்டின் ஒரு நகல் திருடப்பட்டுவிட்டது. நீங்கள் சேமித்த தள முகவரிகள் அதில் மறைக்கப்படாமல் உள்ளன. பயனர் பெயர்கள், பாஸ்வேர்டுகள், குறிப்புகள் உங்கள் மாஸ்டர் பாஸ்வேர்டால் பூட்டப்பட்டுள்ளன. அது 12 எழுத்துக்குக் குறைவாக இருந்தாலோ, வேறு எங்காவது பயன்படுத்தியிருந்தாலோ, உங்கள் கணக்கின் சுற்று எண்ணிக்கை 100,100-க்குக் குறைவாக இருந்தாலோ, சேமித்த தளங்களின் பாஸ்வேர்டுகளை இன்றே மாற்றத் தொடங்குங்கள். மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றுவது மட்டும் போதாது.

வாதி_பிரதிவாதி
"திருடப்பட்டுவிட்டது" என்று முதல் வரியிலேயே எழுதினால் கோடிக்கணக்கான பேர் ஒரே நாளில் உதவி மையத்தை அழைப்பார்கள். இருநூறு தளத்தில் பாஸ்வேர்டு மாற்று என்றால் மனுஷன் ஒன்றுகூட மாற்ற மாட்டான். வலுவான பாஸ்வேர்டு வைத்திருப்பவரையும் சேர்த்து ஏன் பதற வைக்கணும்?

இளவேனில்
இருநூறு தளம் என்பது நியாயமான எதிர்ப்பு. அதனால்தான் வரிசை கொடுக்கணும் என்கிறேன். பதற்றத்துக்குப் பயந்து உண்மையை நான்காம் பத்திக்குத் தள்ளினால் அதை யாரோ ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் எடுத்துத் தலைப்பாக்குவார். நடந்ததும் அதுதான்.

கயல்_கோவை
மன்னிப்பு பற்றி யாரும் சொல்லவில்லையே. டிசம்பரிலேயே கேட்டிருந்தால் கோபம் குறைந்திருக்குமா?

வாதி_பிரதிவாதி
குறைந்திருக்காது. மன்னிப்பு கேட்டால் தவறை ஒப்புக்கொண்டதாகும் என்று எந்த வக்கீலும் தடுப்பார்.

இளவேனில்
2023 மார்ச்சில் தலைமைச் செயல் அதிகாரியே, இன்னும் சீக்கிரமாக, தெளிவாக, முழுமையாகச் சொல்ல முடியாமல் போனதற்கான விமர்சனத்தை ஏற்கிறேன் என்று எழுதினார். மார்ச்சில் வக்கீல் விட்டதை டிசம்பரில் விட்டிருக்க மாட்டாரா? எனக்கு மன்னிப்பு இரண்டாம்பட்சம். செய்ய வேண்டியதைச் சொல்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்கும் அறிக்கை இதைவிட மோசம்.

வாதி_பிரதிவாதி
மார்ச்சில் விசாரணை முடிந்திருந்தது. ஊழியரின் வீட்டுக் கணினியில், தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் திருடிப் பதியும் கீலாகர் இருந்தது உட்பட எல்லாம் தெரிந்த பிறகு எழுதியது அது. டிசம்பரில் அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முருகேசன்.தி
நீங்கள் இரண்டு பேரும் தொடருங்கள். நான் ஜிமெயிலை மாற்றிவிட்டேன், வங்கிக்குப் போகிறேன். பழைய கணக்கில் அந்தச் சுற்று எண்ணிக்கை எவ்வளவு இருந்தது என்று இப்போது பார்க்க வழி உண்டா?

இளவேனில்
நகல் எடுக்கப்பட்ட நாளில் என்ன எண் இருந்தது என்று இன்றைய திரை காட்டாது, இன்றுள்ள எண்ணைத்தான் காட்டும். 2018-க்கு முந்தைய கணக்கு என்றால் குறைவு என்றே வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள்.